மழைக்கு யார் பொறுப்பு, வராதவர் இலைக்கு யார் பொறுப்பு?

*மேடம், திருநெல்வேலியில் 200 பேர் உட்காரும் மினி ஹால் வைத்திருக்கிறேன். சமையலும் நாங்களே. இதுவரை ரசீதுப் புத்தகம் மட்டும்தான். அதன் அடியில் 'அட்வான்ஸ் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்பட மாட்டாது' என்று அச்சடித்திருக்கிறோம். இப்போது ஒரு கம்பெனி, டிசம்பரில் 150 பேருக்கு ஒருநாள் டீலர் கூட்டம் நடத்த ஹாலைக் கேட்டு, ஆங்கிலத்தில் ஒன்பது பக்க அக்ரிமென்ட் அனுப்பியிருக்கிறது. ஹால் வாடகை 50,000, சாப்பாடு ஆளுக்கு 600. ஃபோர்ஸ் மேஜர், டெபாசிட், அட்ரிஷன் என்ற மூன்று தலைப்பும் எனக்குப் புரியவில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஒரு நிச்சயதார்த்தம் நின்றுபோனது. ஹாலுக்குள் தண்ணீர் வரவில்லை, ரோட்டில்தான் வெள்ளம். 40,000 அட்வான்ஸை நான் தரவில்லை. அந்தக் குடும்பம் இன்னும் என்னோடு பேசுவதில்லை. நான் செய்தது சரியா? கம்பெனிக்குக் கையெழுத்துப் போடலாமா?*

இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். ஒன்பது பக்கத்தையும் மாற்றச் சொல்ல வேண்டியதில்லை, நான்கைந்து வரிகளை மாற்றினால் போதும். அதற்கு முன் அந்த நிச்சயதார்த்தத்தைப் பேசிவிடலாம். ஃபோர்ஸ் மேஜர் என்றால் என்னவென்று அதிலேயே விளங்கிவிடும்.

ஃபோர்ஸ் மேஜர் என்பது இரு தரப்பின் கையிலும் இல்லாத காரணத்தால் பேசியபடி நடக்க முடியாமல் போவது. நம் 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தில் இந்தச் சொல் கிடையாது. அதற்குப் பதில் 56ஆவது பிரிவு இருக்கிறது: ஒப்பந்தம் போட்ட பிறகு அதை நிறைவேற்றுவது இயலாததாகிவிட்டால் ஒப்பந்தம் செல்லாததாகிவிடும். 'ஹால் காய்ந்துதானே இருந்தது, நான் திறந்துதானே வைத்திருந்தேன்' என்பது உங்கள் வாதம். ஆனால் 'இயலாதது' என்றால் கட்டடம் இடிந்து விழுந்தால்தான் என்று உச்ச நீதிமன்றம் சொல்லவில்லை. எந்த நோக்கத்துக்காக ஒப்பந்தம் போட்டார்களோ அந்த நோக்கமே அடிபட்டுப் போனாலும் அது இயலாததுதான் என்று 1954இல் சத்யபிரதா கோஷ் வழக்கில் சொல்லியிருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் உங்கள் பக்கம் என்ன நிலைமை என்று உங்களுக்கே தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு நின்றுவிட்டது. அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டார் படகில்தான் வந்திருக்க வேண்டும்.

சரி, ஒப்பந்தம் செல்லாமல் போனால் வாங்கிய பணம்? அதற்கு 65ஆவது பிரிவு: செல்லாமல் போன ஒப்பந்தத்தின் கீழ் ஒருவர் எதைப் பெற்றாரோ அதைத் திருப்பித் தர வேண்டும். 'எக்காரணம் கொண்டும்' என்று ரசீதின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் வரி இதற்கு எதிரே நிற்குமா என்று கேட்டால், அதை நம்பி நான் வழக்கு நடத்த மாட்டேன். மழை வந்தால் யாருக்கு நஷ்டம் என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி எழுதிக்கொண்டிருந்தால் அது வேறு கதை. அப்போது 32ஆவது பிரிவின் கீழ் அந்த எழுத்துப்படியே போகலாம். 2017இல் எனர்ஜி வாட்ச்டாக் வழக்கின் தீர்ப்பு இந்த வித்தியாசத்தைத்தான் பிரித்துக் காட்டியது. எழுதியிருந்தால் 32, எழுதாமல் விட்டிருந்தால் 56. ஃபோர்ஸ் மேஜர் ஷரத்தைக் கவனமாக எழுத வேண்டும் என்பது இதனால்தான். எழுதாவிட்டால் சட்டம் உங்களுக்காக ஒன்றை எழுதிவைத்திருக்கிறது, அது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம்.

ஒரு சின்ன செய்தி. இந்தச் சட்டச் சிந்தனைக்கு வேராகச் சொல்லப்படும் ஆங்கில வழக்கே ஒரு ஹால் வாடகை வழக்குதான். லண்டன் சர்ரே கார்டன்ஸ் இசை அரங்கை நாளுக்கு 100 பவுண்டு என்று நான்கு நாளுக்குப் பேசியிருந்தார்கள். முதல் கச்சேரிக்குச் சில நாள் முன்பு, 1861 ஜூனில், அரங்கம் எரிந்துபோனது. யார் மேலும் தவறில்லை, இரு தரப்புக்கும் பொறுப்பில்லை என்று 1863இல் தீர்ப்பு வந்தது. ஆக, உங்கள் தொழிலுக்கு இது ஒன்றும் புதிய சங்கடமில்லை.

இப்போது கம்பெனியின் ஷரத்துக்கு வருவோம். இந்த மாதிரி வரைவுகளில் வெள்ளம், புயல், கலவரம், தொற்றுநோய் என்று ஒரு பட்டியல் போட்டு, கடைசியில் 'அல்லது கம்பெனியின் கருத்தில் நிகழ்ச்சியை நடத்த ஏற்றதல்லாத வேறு எந்தச் சூழலும்' என்று ஒரு வால் இருக்கும். உங்கள் பிரதியில் அதைத் தேடுங்கள். 'கம்பெனியின் கருத்தில்' என்ற சொற்கள் இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். விற்பனை மந்தம், மேலதிகாரிக்கு ஃப்ளைட் கிடைக்கவில்லை என்பதெல்லாம் அந்த வாலைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்துவிடும். அதே நியாயம் உங்களுக்கும் உண்டு. கரண்ட் போனது, சமையல் மாஸ்டர் வரவில்லை, டீசல் தீர்ந்தது என்பவற்றை நீங்கள் ஃபோர்ஸ் மேஜர் என்று சொல்லக் கூடாது. ஜெனரேட்டர் வைத்திருப்பதும் மாற்று ஆள் பிடிப்பதும் உங்கள் வேலை.

டிசம்பர் நிகழ்ச்சி என்பதால் மழையை மட்டும் விரித்து எழுதுங்கள். வடகிழக்குப் பருவமழை மாதத்தில் மழை பெய்வது யாரும் எதிர்பாராத ஒன்று அல்ல. 'கனமழை' என்று மட்டும் எழுதினால் தூறல் விழுந்த அன்றும் சண்டை வரும். வானிலை மையம் ரெட் அலர்ட் கொடுத்தாலே போதுமா? போதாது என்பது என் கருத்து. அலர்ட் கொடுத்தும் வெயில் அடித்த நாட்கள் நமக்குத் தெரியும். எவரும் சரிபார்க்கக்கூடிய அடையாளங்களை வையுங்கள். ஹாலுக்குள் அல்லது ஹாலுக்கு வரும் பிரதான சாலையில் வாகனம் வர முடியாத அளவு தண்ணீர் நிற்பது. கூட்டம் கூடவோ பயணிக்கவோ கூடாது என்று மாவட்ட நிர்வாகம் உத்தரவு போடுவது. இந்த இரண்டில் ஏதாவது ஒன்று நிகழ்ச்சி நாளிலோ அதற்கு முந்தைய 48 மணி நேரத்திலோ இருந்தால் ஷரத்து வேலை செய்யும். தகவலை வாட்ஸ்அப்பில் சொன்னாலும் செல்லும் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். வெள்ளத்தில் பதிவுத் தபால் போகாது.

அடுத்து, ஷரத்து வேலை செய்தால் பணம் என்னாகும் என்பது. இதை எழுத மறந்த ஒப்பந்தங்களை நான் நிறைய பார்த்திருக்கிறேன். 'இரு தரப்பும் பொறுப்பல்ல' என்று முடித்துவிடுவார்கள், உங்கள் கையில் இருக்கும் டெபாசிட்டைப் பற்றி மூச்சே இருக்காது. நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்: 'ஆறு மாதத்துக்குள் காலியாக உள்ள வேறு தேதியை அதே வாடகையில் தருவோம். அது வேண்டாமென்றால், இந்த நிகழ்ச்சிக்காக ஏற்கெனவே வாங்கிக் கெட்டுப்போகும் பொருள்களின் பில் தொகையை மட்டும் கழித்து, மீதியை 15 நாளில் திருப்பித் தருவோம்.' பில் கழிக்கும் உரிமையைக் கட்டாயம் எழுதுங்கள். 65ஆவது பிரிவில் 'செலவு போக மீதி' என்ற சொல் கிடையாது. எழுதினால்தான் உண்டு.

கல்யாண வீட்டுக்காரர்களுக்காக ஒன்று. நெருங்கிய உறவில் துக்கம் நேர்ந்து விசேஷம் தள்ளிப்போவது சட்டப்படி ஃபோர்ஸ் மேஜர் ஆகாது. ஆனால் நம் ஊரில் தீட்டு காலத்தில் விசேஷம் நடத்தச் சொல்லி யாரும் வற்புறுத்தப் போவதில்லை. அதற்குத் தனியாக, ஒரு முறை மட்டும் கட்டணமில்லாமல் தேதி மாற்றித் தருவோம் என்று ஒரு ஷரத்து வைத்துவிடுங்கள். உங்கள் ஊர்ப் பெயருக்கும் அது நல்லது.

டெபாசிட் விஷயத்தில் உங்கள் ரசீதும் சரியில்லை, கம்பெனியின் வரைவும் சரியாக இருக்காது என்றே நினைக்கிறேன். குழப்பம் எங்கே என்றால், நாம் மூன்று வேறு பணங்களை 'அட்வான்ஸ்' என்ற ஒரே பெயரில் வாங்குகிறோம். தேதியைப் பிடித்து வைப்பதற்கான பதிவுத் தொகை ஒன்று. வாடகையில், சாப்பாட்டில் ஒரு பகுதியை முன்கூட்டியே வாங்குவது இன்னொன்று. நாற்காலி உடைந்தால், கண்ணாடி விரிசல் விட்டால் பிடித்துக்கொள்ள வைக்கும் காஷன் டெபாசிட் மூன்றாவது. கேன்சல் செய்தால் இந்த மூன்றுக்கும் சட்டம் மூன்று விதமாகப் பதில் சொல்லும்.

ஃபதே சந்த் வழக்கு என்று 1963ஆம் வருடத்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று. சொத்து வாங்க 25,000 ரூபாய் கொடுத்திருந்தார்கள். அதில் 1,000 முன்பணம், 24,000 விலையில் ஒரு பகுதி. வாங்குபவர் பின்வாங்கியபோது, விற்பவர் மொத்தத்தையும் பிடித்துக்கொண்டார். நீதிமன்றம் அந்த 1,000 ரூபாயை வைத்துக்கொள்ள விட்டது. 24,000 ரூபாய்க்கு 'உனக்கு என்ன நஷ்டம், காட்டு' என்று கேட்டது. 74ஆவது பிரிவின்படி, ஒப்பந்தத்தில் எவ்வளவு தொகை எழுதியிருந்தாலும் அது உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும். 2015இல் கைலாஷ்நாத் வழக்கு இன்னும் ஒரு படி போனது. முன்பணத்தைப் பிடித்துக்கொண்ட தரப்பு அதே இடத்தைப் பிறகு பல மடங்கு விலைக்கு விற்றிருந்தது. நஷ்டமே இல்லாதபோது எதைப் பிடித்துக்கொள்கிறாய் என்று முன்பணத்தையே திருப்பித் தரச் சொல்லிவிட்டது.

இதை உங்கள் ஹாலுக்குப் பொருத்திப் பாருங்கள். தை மாத முகூர்த்தத் தேதியை ஒருவர் கேன்சல் செய்கிறார். அடுத்த வாரமே இன்னொருவர் அதே தேதிக்கு வருகிறார். முதலாமவரின் முழு அட்வான்ஸையும் பிடித்துக்கொண்டு இரண்டாமவரிடமும் வாடகை வாங்கினால், நுகர்வோர் ஆணையத்தில் உங்களால் முகம் நிமிர்த்த முடியாது. 2019ஆம் வருட நுகர்வோர் சட்டத்தில் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்றே ஒரு வகை இருக்கிறது. இழப்புக்குச் சற்றும் பொருந்தாத அபராதம் அதில் வரும். ஆடி மாதம் கேன்சல் ஆகிற தேதிக்கு வேறு ஆள் கிடைப்பது சிரமம், அங்கே உங்கள் நஷ்டம் உண்மையானது.

அதனால் நாளைப் பொறுத்துப் படி வையுங்கள். கம்பெனி நிகழ்ச்சியின் மொத்தம் வாடகை 50,000, சாப்பாடு 90,000, ஆக 1,40,000. இதில் 14,000 ரூபாயைப் பதிவுத் தொகை என்று பெயர் சொல்லியே வாங்குங்கள். 60 நாளுக்கு முன் கேன்சல் செய்தால் அது மட்டும் உங்களுக்கு. 60இலிருந்து 15 நாள் வரை வாடகையில் பாதி. கடைசி 15 நாளில் முழு வாடகையும் வாங்கிவிட்ட மளிகைக்கான பில்லும். எல்லாவற்றிலும் அந்த 14,000 அடக்கம் என்று எழுதுங்கள், மேலே சேர்த்து இல்லை. அப்புறம் இந்த வரி: 'அதே தேதிக்கு வேறு நிகழ்ச்சி கிடைத்தால், அதில் வந்த வாடகையை இந்தத் தொகையில் கழித்துக்கொள்வோம்.' இது உங்களுக்கு நஷ்டம் போலத் தெரியும். நாளைக்கு வழக்கு வந்தால் மீதி ஷரத்துகளைக் காப்பாற்றப்போவது இந்த வரிதான்.

காஷன் டெபாசிட்டுக்குத் தனி ரசீது. சாவி கொடுக்கும்போது இ.பி. மீட்டர் ரீடிங்கும் ஹாலின் படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேறொன்றும் சொல்லத் தேவையில்லை. இன்னொன்று, நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவு செய்தவர் என்றால் அட்வான்ஸ் வாங்கும்போதே வரி விழும். திருப்பித் தரும்போது அதற்குரிய ரீஃபண்ட் வவுச்சர் போட வேண்டும். ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி அட்ரிஷன். நீங்கள் பயந்திருப்பது இந்தச் சொல்லைப் பார்த்துதான் என்று தோன்றுகிறது, ஆனால் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்தான். கல்யாணச் சமையலில் 'இத்தனை இலைக்குக் குறையாமல்' என்று பேசுவோமே, அதுவேதான். சொன்ன தலைக்கணக்கைவிட ஆள் குறைந்தால் எவ்வளவு குறைவு வரை கேள்வி கேட்கக் கூடாது, அதற்குக் கீழே போனால் யார் பணம் கட்டுவது என்பதுதான் அட்ரிஷன் ஷரத்து. ஹோட்டல்களில் அறைகளுக்கு எழுதுவார்கள், சாப்பாட்டுக்கும் எழுதுவார்கள்.

150 பேர் என்று சொல்லி 10 சதவீதம் சலுகை கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 135 வரை குறைந்தால் பிரச்சினை இல்லை, வந்தவர்களுக்கு மட்டும் பில். கடைசியில் 95 பேர்தான் வருவதாகச் சொல்கிறார்கள். 135இல் 95 போனால் 40 பேர் குறைவு. அந்த 40 பேருக்கு எவ்வளவு கேட்கலாம்? பழக்கத்தில் எல்லோரும் 40 பெருக்கல் 600, அதாவது 24,000 என்று போடுவார்கள். ஆனால் இரண்டு வாரம் முன்பே சொல்லிவிட்டால் அந்த 40 பேருக்கு நீங்கள் அரிசியும் காய்கறியும் வாங்கப் போவதில்லை. ஆளுக்கு 350 ரூபாய் செலவு மிச்சம் என்றால், இழந்தது 250 மட்டுமே. 40 பெருக்கல் 250, ஆக 10,000. இதுதான் நியாயமான தொகை, 74ஆவது பிரிவின் முன் நிற்கக்கூடிய தொகையும் இதுதான்.

சரக்கு வாங்கி, காய் நறுக்கிய பிறகு குறைந்தால் கணக்கு வேறு. அதனால் ஒரு நாளை முடிவு நாளாக வையுங்கள். நிகழ்ச்சிக்கு ஏழு நாள் முன் கம்பெனி இறுதி எண்ணிக்கையை ஈமெயிலில் தர வேண்டும். அதற்கு முன் குறைத்தால் ஆளுக்கு 250. அதற்குப் பின் குறைந்தால், இறுதியாகச் சொன்ன எண்ணிக்கைக்கு முழு 600. எண்ணிக்கை சொல்லாமலே விட்டால், ஒப்பந்தத்தில் இருக்கும் 150தான் இறுதி. இந்தக் கடைசி வாக்கியம் இல்லாமல் ஷரத்து எழுதிவிட்டு, 'நாங்கள் எண்ணிக்கையே தரவில்லையே' என்ற பதிலில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

கம்பெனி வரைவில் இரண்டு இடத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். முதலாவது, சதவீதம் எதிலிருந்து என்பது. 'ஒப்பந்த எண்ணிக்கையில் 10 சதவீதம்' என்றால் 135. 'ஒவ்வொரு முறை திருத்தும்போதும் 10 சதவீதம்' என்றிருந்தால் 150 முதல் முறை 135 ஆகும், அடுத்த முறை 121 ஆகும், அதற்கடுத்து 109. மூன்று ஈமெயிலில் 41 பேர் காணாமல் போவார்கள், ஒரு பைசா கேட்க முடியாது.

இரண்டாவது, எங்கே அட்ரிஷன் முடிந்து கேன்சல் ஆரம்பிக்கிறது என்பது. கடைசி 15 நாளில் கேன்சல் செய்தால் முழு வாடகை கட்ட வேண்டும் என்று பார்த்த ஒரு சாமர்த்தியசாலி, கேன்சல் செய்யாமல் எண்ணிக்கையை 12 ஆகக் குறைத்து, 'ஹால் வேண்டாம், சின்ன அறை போதும், அதற்கேற்ற வாடகை போடுங்கள்' என்பார். ஹால் வாடகை ஆள் எண்ணிக்கையால் மாறாது என்று ஒரு வரி எழுதுங்கள். எண்ணிக்கை 75க்குக் கீழே போனால் அது கேன்சலாகவே கருதப்படும் என்று இன்னொரு வரி. அப்படிக் கேன்சல் கணக்குப் போட்டால், அட்ரிஷன் கணக்கைச் சேர்த்துப் போடக் கூடாது. ஒரே நஷ்டத்துக்கு இரண்டு தரம் வாங்குவதாக ஆகிவிடும்.

மூன்று ஷரத்துகளும் ஒன்றையொன்று முட்டும் இடம் ஒன்று இருக்கிறது. 2020 ஊரடங்குக் காலத்தில் தமிழ்நாட்டில் கல்யாணத்துக்கு 50 பேர் என்று அரசு கட்டுப்பாடு வைத்தது நினைவிருக்கும். நிகழ்ச்சி நடத்தலாம், ஆனால் ஆள் குறைவு. அது ஃபோர்ஸ் மேஜரா, அட்ரிஷனா? இரண்டு பக்கமும் இழுத்தார்கள். 'அரசு உத்தரவால் எண்ணிக்கை குறைந்தால் அட்ரிஷன் கட்டணம் கிடையாது. அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை 75க்குக் கீழே போனால் இரு தரப்பில் யார் வேண்டுமானாலும் தேதி மாற்றம் கேட்கலாம்' என்று எழுதிவிட்டால் அந்த இழுபறி இருக்காது. வெள்ளத்தால் தூத்துக்குடி டீலர்கள் 30 பேர் மட்டும் வர முடியவில்லை என்றாலும் இதே நியாயத்தை நீட்டிக்கொள்ளலாம். அது உங்கள் விருப்பம். நானாக இருந்தால் அந்த 30 பேருக்கும் சமைக்க வாங்கிய பொருளுக்கு மட்டும் பில் போடுவேன்.

கம்பெனி பேரம் பேசும். 10 சதவீதத்தை 15 ஆக்கச் சொன்னால் கொடுத்துவிடுங்கள், 150இல் அது ஏழெட்டு பேர்தான். படிகளில் 60 நாளை 45 ஆக்கினாலும் பரவாயில்லை. ஏழு நாள் முன்பு இறுதி எண்ணிக்கை என்பதையும், சதவீதம் ஒப்பந்த எண்ணிக்கையிலிருந்து மட்டும் என்பதையும் விடாதீர்கள். 'கம்பெனியின் கருத்தில்' என்ற வாலை எடுக்க மறுத்தால் இந்த நிகழ்ச்சியை வேறு ஹாலுக்கு விட்டுவிடலாம் என்றே சொல்வேன்.

நிச்சயதார்த்தக் குடும்பத்துக்கு வருகிறேன். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு வருடம்தான் கெடு, அதை எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள். அன்றைக்கு வாங்கி வீணான பொருளுக்கு உங்களிடம் பில் இருந்தால் எடுத்து வையுங்கள். நீங்களே அவர்கள் வீட்டுக்குப் போய், பில்லைக் காட்டி, மீதியைக் கொடுத்துவிட்டு வாருங்கள். பில் இல்லாவிட்டால் முழு 40,000. கொடுக்கும்போது 'இந்த நிகழ்ச்சி தொடர்பாக எங்களுக்கு வேறு பாக்கி இல்லை' என்று ஒரு சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் ரசீதுப் புத்தகத்தில் அந்த அடி வரியை நீக்கிப் புதிதாக அச்சடிக்கக் கொடுங்கள்.